கோட்டை முனை விளக்கு ஏன் சாயவில்லை? பின்னல் இரும்பும் காற்றும்

கோட்டைமுனை | 6 ஜூலை 2024, காலை 7:10

விடிகாலை நாலு மணிக்கு சுமத்ரா காற்று வந்துபோனது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்து எழுந்தவன், அப்புறம் தூங்கவில்லை. ஆறரைக்குப் பினாங்கு எஸ்பிளனேட் பக்கம் நடந்தேன். ஒரு கடையின் தகர வேலி முழுக்கப் படுத்துக் கிடந்தது. ஐம்பது அடி தள்ளி, கார்ன்வாலிஸ் கோட்டை மூலையில் அந்த வெள்ளை இரும்புக் கலங்கரை விளக்கம் ஒன்றும் நடக்காத மாதிரி நின்றது. 1882இல் கட்டியது, 21 மீட்டர் உயரம். சுவர் கிடையாது, வெறும் எலும்புக்கூடு.

நான் இருபத்திரண்டு வருடமாக இரும்புக் கோபுரங்களில் ஏறிப் பெயின்ட் அடிப்பவன், போல்ட்டு முடுக்குபவன். என் கருத்து எளிது: பின்னலில் ஓட்டை இருக்கிறது, காற்று ஓட்டை வழியே போய்விடுகிறது. பத்தில் ஒரு பங்குதான் இரும்பு என்றால் பத்தில் ஒரு பங்கு காற்றுதான் தாக்கும். சுவருக்கு அந்த வசதி இல்லை, அதனால் பின்னல் சுவரைவிட நன்றாகத் தாங்கும். யாராவது மறுக்கிறீர்களா?

---

பேனர் கடை தம்பி | 6 ஜூலை, 9:32

சரியாகச் சொன்னீர்கள் அண்ணே. நாங்களும் அதைத்தான் செய்கிறோம். பெரிய பேனர் கட்டும்போது அரை நிலா வடிவத்தில் பத்துப் பதினைந்து வெட்டு போட்டுவிடுவோம், காற்று போக. எங்கள் முதலாளி சொல்லிக் கொடுத்தது.

---

பத்து மாவுங் வாசி | 6 ஜூலை, 9:50

எங்கள் ஃபிளாட்டுக்கு எதிரே போன வருடம் ஃபோன் கோபுரம் வைத்தார்கள். அதன் கதிர்வீச்சு பற்றி யாருக்காவது தெரியுமா? மாமியாருக்குத் தலைவலி.

---

கோட்டைமுனை | 6 ஜூலை, 10:05

அது வேறு கேள்வி, தனி இழை தொடங்குங்கள். இங்கே காற்றைப் பற்றித்தான் பேசுகிறோம்.

---

ஜெலுத்தோங் பொறியாளர் | 6 ஜூலை, மதியம் 1:18

கோட்டைமுனை அண்ணன் சொன்னதில் பாதி சரி. தம்பி சொன்னது கிட்டத்தட்ட முழுத் தப்பு. தம்பியிடமிருந்தே தொடங்குகிறேன்.

ஓட்டை போட்ட சுவர் அல்லது பலகைக்கு ஆஸ்திரேலிய விதியில் ஒரு சின்னக் கணக்கு உண்டு. நம் மலேசிய எம்.எஸ். 1553 அதைத் தழுவி எழுதியதுதான். ஓட்டையில்லாப் பலகையில் விழும் விசையை இந்த எண்ணால் பெருக்க வேண்டும்:

```
K = 1 − (1 − δ)²
```

δ என்பது மொத்தப் பரப்பில் அடைபட்டிருக்கும் பங்கு. பேனரில் பத்து சதவீதம் வெட்டினால் δ 0.9. கணக்குப் போட்டுப் பாருங்கள், K 0.99 வரும். நீங்கள் துணியைக் கெடுத்துக் குறைத்தது ஒரே ஒரு சதவீதம்.

பாதியை வெட்டி எடுத்தாலும் K 0.75. பாதித் துணி போயும் முக்கால் விசை மிச்சம். பெரும்பகுதி ஓட்டையாக ஆன பிறகுதான் இந்த எண் வேகமாக இறங்கும்.

ஏன் இப்படி? பலகைக்கு முன்னால் காற்று தேங்கி அழுத்துகிறது, பின்னால் ஒரு வெற்றிடம் மாதிரி உறிஞ்சுகிறது. இந்த இரண்டையும் உண்டாக்குவது ஓரங்களைச் சுற்றி வளைந்து ஓடும் காற்று. நடுவில் நாலு சின்ன வெட்டு வழியாகக் கொஞ்சம் காற்று பீறிட்டுப் போவதால் அந்தப் பெரிய ஓட்டம் மாறுவதில்லை.

---

பேனர் கடை தம்பி | 6 ஜூலை, 1:40

அக்கா, ஒரு சதவீதமா? எட்டு வருடமாக வெட்டுகிறோம்.

---

ஜெலுத்தோங் பொறியாளர் | 6 ஜூலை, 1:52

அந்த வெட்டு முனையில்தான் துணி கிழியத் தொடங்கும். கவனித்திருப்பீர்கள்.

---

பேனர் கடை தம்பி | 6 ஜூலை, 1:55

ஆமாம். எப்போதும் அங்கேதான் கிழியும்.

---

கோட்டைமுனை | 6 ஜூலை, இரவு 8:44

சரி அக்கா, என் பாதி எது தப்பு? என் கோபுரங்களில் அடைபட்டது பதினைந்து சதவீதம்கூட இருக்காது. பேனர் கணக்கிலேயே போட்டேன், 0.28 வந்தது. பதினைந்து சதவீத இரும்புக்கு இருபத்தெட்டு சதவீத விசை. நான் நினைத்ததுபோல நேருக்கு நேர் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் நல்ல லாபம்தானே?

---

ஜெலுத்தோங் பொறியாளர் | 6 ஜூலை, 10:20

லாபம்தான். ஆனால் 0.28 என்பது ஒற்றைத் தட்டிக்கு. உங்கள் கோபுரத்துக்கு நாலு முகம். முன்முகத்து ஓட்டை வழியாகத் தப்பித்த காற்று எங்கே போகிறது? பின்முகத்தை அடிக்கிறது. முன்னால் உள்ள கம்பி பின்னால் உள்ளதைக் கொஞ்சம் மறைக்கும், முழுக்க மறைக்காது. அதோடு, ஒவ்வொரு ஆங்கிள் இரும்பும் கூர்மையான ஓரம் உள்ள ஒரு குட்டிச் சுவர். அது தன் அளவுக்குக் காற்றைத் தடுத்துக்கொண்டுதான் நிற்கிறது.

ஒரு கோபுரத்தை எடுத்துக்கொள்வோம். 30 மீட்டர் உயரம், மேலிருந்து கீழ் வரை 2 மீட்டர் அகலம். வெளிவடிவப் பரப்பு 60 சதுர மீட்டர். நம் விதிப் புத்தகத்தின் அடிப்படைக் காற்று வேகங்களில் பெரியது வினாடிக்கு 33.5 மீட்டர், அதாவது மணிக்கு 120 கிலோமீட்டர். அந்த வேகத்தின் அழுத்தம் சதுர மீட்டருக்கு 70 கிலோ வாக்கில். உயரத்துக்கான திருத்தங்களை இங்கே விட்டுவிடுகிறேன்.

இதே அளவில் அடைத்த சுவர் என்றால் 60 × 70 × 1.3, ஏறக்குறைய ஐந்தரை டன். 1.3 என்பது வடிவத்துக்கான எண், குறைவாகவே வைத்தேன். ஒல்லியான உயரமான பெட்டிக்கு இன்னும் கூடும்.

பின்னல் கோபுரம், பதினைந்து சதவீத அடைப்பு. நான்கு முகக் கோபுரத்துக்கு விதிகள் தரும் எண் இந்த அடைப்பில் 3.2 வாக்கில் வரும். அதை இரும்பின் பரப்புக்கு மட்டும் பெருக்க வேண்டும். 60 × 0.15 × 70 × 3.2, இரண்டு டன்.

ஐந்தரைக்கு இரண்டு. உங்கள் கணக்குப்படி 0.8 டன்தான் வந்திருக்க வேண்டும்.

அடைப்பைக் கூட்டிக்கொண்டே போனால் பாதி வருவதற்குள் இந்த லாபம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். நெருக்கமாகப் பின்னிய கோபுரத்துக்கும் சுவருக்கும் காற்று அதிகம் வித்தியாசம் பார்ப்பதில்லை.

---

ஓய்வுபெற்ற ஆசிரியர், தைப்பிங் | 7 ஜூலை, காலை 6:30

இழையை இரவே படித்தேன். ஒன்று கேட்க வேண்டும். பின்னல் இரும்பு காற்றைத் தாங்கும் என்றால் டே பாலம் ஏன் விழுந்தது? ஸ்காட்லாந்தில் 1879 டிசம்பர் 28, ஞாயிறு இரவு, புயலில். கர்டரும் பின்னல், அதைத் தாங்கிய தூண்களும் பின்னல். உயரமான பதின்மூன்று கண்களும் ஒரு ரயிலோடு ஆற்றில் போயின. ரயிலில் இருந்த ஒருவரும் பிழைக்கவில்லை.

---

கொம்தார் பார்த்தவன் | 7 ஜூலை, 8:15

அதோடு, சுவர் நிற்காது என்று யார் சொன்னது? கொம்தார் கட்டி முடித்தபோதே 65 மாடி, நாலு பக்கமும் அடைப்பு. நாற்பது வருடமாகப் பல சுமத்ரா காற்றைப் பார்த்துவிட்டது. தலைப்பே தப்பு.

---

ஜெலுத்தோங் பொறியாளர் | 7 ஜூலை, 11:02

கொம்தார் நிற்கிறது, ஏனென்றால் அந்த விசை முழுவதையும் வாங்குவதற்கான கான்கிரீட்டையும் எடையையும் அதில் போட்டிருக்கிறார்கள். உள்ளே ஆள் இருக்க வேண்டிய கட்டடத்துக்கு வேறு வழியில்லை. ஒரு விளக்கையோ ஆண்டெனாவையோ உயரத்தில் வைப்பது மட்டும் வேலை என்றால் அத்தனை விசையை எதற்கு வலிய அழைக்க வேண்டும்? "சுவரைவிட நன்றாகத் தாங்கும்" என்பதை நான் "சுவரைவிடக் குறைவாக வாங்கும்" என்றுதான் படிக்கிறேன்.

டே பாலத்தைப் பற்றி ஐயாவே எழுதட்டும். என்னைவிட அதிகம் படித்தவர் போலத் தெரிகிறது.

---

ஓய்வுபெற்ற ஆசிரியர், தைப்பிங் | 7 ஜூலை, மாலை 4:40

எழுதுகிறேன்.

பாலத்தைக் கட்டிய தாமஸ் பௌச் காற்றுக்கென்று தனியாக எதுவும் ஒதுக்கவில்லை. விசாரணையில் அவரே ஒத்துக்கொண்டது. அரசு வானியலாளர் ஜார்ஜ் ஏரியிடம் காற்றழுத்தம் பற்றி முன்பு கேட்டிருந்தார், ஆனால் அது வேறு ஒரு பாலத்துக்காக. கிடைத்த பதில் சதுர அடிக்குப் பத்து பவுண்டு, நம் கணக்கில் சதுர மீட்டருக்கு 49 கிலோ. மேலே அக்கா நம் ஊருக்குப் போட்ட எழுபதைவிடக் குறைவு. வட கடல் பக்கத்துப் புயலுக்கு அது எந்த மூலைக்கு?

பாலம் விழுந்ததும் எல்லாரும் மிரண்டுபோய் மறு எல்லைக்குப் போனார்கள். பிரிட்டிஷ் வர்த்தக வாரியம் 56 பவுண்டு என்று விதித்தது. அதாவது 273 கிலோ. ஐந்தரை மடங்குக்கும் மேல்.

ஒரு கொடுமை என்னவென்றால், காற்று மோதினால் எவ்வளவு விசை என்பதற்கு அப்போது கையில் இருந்த சூத்திரம் 1759இல் ஸ்மீட்டன் வெளியிட்ட பட்டியலிலிருந்து வந்தது. அந்த எண்ணே அதிகம். ஆக வேகத்தையும் சரியாக அளக்கவில்லை, வேகத்தை விசையாக மாற்றும் எண்ணும் சரியில்லை.

---

கோட்டைமுனை | 7 ஜூலை, இரவு 9:15

ஐயா, முறிந்தது எது? கம்பியா, தூணா? ஏறுகிறவனுக்கு அதுதான் முக்கியம்.

---

ஓய்வுபெற்ற ஆசிரியர், தைப்பிங் | 8 ஜூலை, காலை 6:12

காது.

ஒவ்வொரு தாங்கு கோபுரத்திலும் ஆறு வார்ப்பிரும்புத் தூண். தூணோடு சேர்த்தே வார்த்த காதுகள். அந்தக் காதில் போல்ட்டு போட்டுத் தட்டையான குறுக்குக் கம்பிகளைப் பிணைத்தார்கள். போல்ட்டு ஓட்டையைத் துளையிடவில்லை, வார்க்கும்போதே விட்டுவிட்டார்கள். அதனால் ஓட்டை புனல் மாதிரி ஒரு பக்கம் அகன்று இருந்தது, போல்ட்டு ஓரத்தில் மட்டும் ஒட்டி நின்றது. இழுவை வந்தபோது கம்பி தாங்கியது, காது பிளந்தது. கிர்க்கால்டி தன் சோதனை இயந்திரத்தில் மீந்த காதுகளை இழுத்துப் பார்த்தபோது கணக்குப் போட்டதைவிட வெகு குறைந்த பாரத்திலேயே முறிந்தன.

அதற்கு முன்பே குறுக்குக் கம்பிகள் தளர்ந்து சடசடத்திருக்கின்றன. பராமரிப்பாளர் இரும்புத் துண்டு செருகி இறுக்கினார். வளைந்த தூண்கள் வளைந்தபடியே இருக்க, சத்தம் மட்டும் நின்றது.

அப்புறம் ரயில். ஓட்டையான பாலத்தின் நடுவில் பெட்டி பெட்டியாக அடைத்த சுவர். அந்த நிமிடத்தில் பாலம் பின்னலாக இல்லை.

---

கோட்டைமுனை | 8 ஜூலை, மதியம் 12:50

இதைப் படித்து வேலை இடத்தில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டேன். தளர்ந்த கம்பியின் சடசடப்பு எனக்குத் தெரிந்த சத்தம்.

போல்ட்டு தளர்ந்திருந்தால் ஓட்டையைச் சுற்றிச் செம்பழுப்புக் கறை வழிந்திருக்கும். பெயின்ட் புதிதாக இருந்தாலும் அந்தக் கறை இரண்டு மாதத்தில் மேலே வந்துவிடும். இரும்பும் இரும்பும் உரசி வரும் பொடி அது. சுத்தியலால் தட்டினால் இறுகிய போல்ட்டு கணீர் என்று பேசும், தளர்ந்தது மந்தமாக முனகும். நாங்கள் தட்டிக்கொண்டேதான் ஏறுவோம்.

ஒருமுறை பிறைப் பக்கம் ஒரு கோபுரத்தில் கீழிருந்த குறுக்குச் சட்டங்களில் மூன்றைப் பழைய இரும்புக்காக யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். கோபுரம் நின்றது. மேற்பார்வையாளர் "நிற்கிறதே, ஏறு" என்றார். நான் ஏறவில்லை, இரண்டு நாள் சம்பளம் போனது. அன்று என்னால் காரணம் சொல்ல முடியவில்லை. அக்கா, இன்றாவது சொல்லுங்கள், நான் செய்தது சரியா?

---

ஜெலுத்தோங் பொறியாளர் | 8 ஜூலை, இரவு 10:35

முழுக்கச் சரி.

கால் இரும்பு அழுத்தத்தில் நொறுங்குவதில்லை, வளைந்து விலகுகிறது. ஒல்லியான கம்பியின் தாங்கும் திறன் அதன் தாங்கலற்ற நீளத்தின் வர்க்கத்துக்கு எதிராகப் போகும். குறுக்குச் சட்டம் காலை நடுவில் பிடித்துக்கொண்டிருந்தது. அதைக் கழற்றினால் நீளம் இரட்டிக்கும், திறன் நாலில் ஒன்றாகும். காற்றில்லாத நாளில் அந்தக் கால்களுக்குப் பெரிய வேலை இல்லை, அதனால் கோபுரம் நின்றது. நீங்கள் ஏறியபின் ஒரு சுமத்ரா காற்று வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

பின்னல் கோபுரத்தின் பலவீனம் இதுதான். சுவரில் ஒரு செங்கல் போனால் ஒன்றும் ஆகாது. இங்கே சில துண்டுகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக முழுப் பொறுப்பு.

---

பத்து மாவுங் வாசி | 9 ஜூலை, 7:48

மாமியாருக்குக் கண்ணாடி மாற்றியதும் தலைவலி போய்விட்டது. ஆனால் இழையைப் படித்துப் புதுக் கேள்வி வந்திருக்கிறது. எதிரே உள்ள கோபுரம் கீழே அகலமாக, மேலே ஒல்லியாக இருக்கிறது. ஐஃபல் கோபுரமும் அப்படித்தான். அது அழகுக்கா?

---

ஓய்வுபெற்ற ஆசிரியர், தைப்பிங் | 9 ஜூலை, மாலை 5:05

நல்ல கேள்வி. இழை உண்மையில் இங்கேதான் வர வேண்டியிருந்தது.

300 மீட்டர் கோபுரத்தை 1884 ஜூனில் முதலில் வரைந்தவர் ஐஃபல் இல்லை. அவருடைய நிறுவனத்துப் பொறியாளர்கள் மோரிஸ் கேக்லினும் எமில் நூகியேயும். கேக்லின் சூரிச்சில் குல்மான் என்ற பேராசிரியரிடம் படித்தவர். விசைகளைக் கோடாக வரைந்தே கணக்கிடும் முறை அவருடையது.

1885 மார்ச்சில் பாரிஸ் பொறியாளர் சங்கத்தில் ஐஃபல் பேசியது அச்சில் இருக்கிறது. அதன் சாரம் இது. கோபுரத்தை ஏதோ ஓர் உயரத்தில் மனதுக்குள் அறுத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேலே உள்ள காற்று விசை முழுவதையும் ஒரே புள்ளியில் தள்ளுவதாக எண்ணலாம். அறுத்த இடத்தில் இரண்டு கால்களும் எந்தத் திசையில் சாய்ந்திருக்கின்றனவோ அந்தக் கோடுகளை மேல்நோக்கி நீட்டுங்கள். இரண்டும் அந்தப் புள்ளியிலேயே சந்தித்தால், தள்ளுவிசை முழுவதும் கால்களின் நீளவாக்கிலேயே இறங்கிவிடும். ஒரு கால் இழுபடும், ஒரு கால் அழுத்தப்படும், குறுக்கே எதுவும் மிஞ்சாது. குறுக்குக் கம்பிகளுக்கு வேலையே இல்லை.

இதை ஒவ்வொரு உயரத்திலும் நிறைவேற்றினால் கால் நேர்கோடாக இருக்க முடியாது, வளையும். நாம் பார்க்கும் அந்த வளைவு இதுதான்.

---

கோட்டைமுனை | 9 ஜூலை, இரவு 9:30

இரண்டு முறை படித்துவிட்டுத்தான் பிடிபட்டது. பட்டர்வொர்த் ஃபெரி ஆடும்போது பிடிமானம் இல்லாமல் நிற்க வேண்டும் என்றால் காலை அகட்டிக்கொள்கிறோம். அகட்டிய அளவு சரியாக இருந்தால் முட்டி மடங்குவதில்லை, காலில் மட்டும் பாரம் இறங்கும். குறைவாக அகட்டினால் முட்டியும் இடுப்பும் வேலை செய்ய வேண்டும். முட்டியும் இடுப்பும்தான் கோபுரத்தின் குறுக்குக் கம்பி. சரியா ஐயா?

---

ஓய்வுபெற்ற ஆசிரியர், தைப்பிங் | 10 ஜூலை, காலை 6:20

சரி. வகுப்பில் இந்த உதாரணம் எனக்குத் தோன்றியதே இல்லை.

---

கோட்டைமுனை | 10 ஜூலை, மதியம் 1:10

அக்கா போட்ட 30 மீட்டர் கோபுரத்தை வைத்து நானே முயன்றேன். தப்பென்றால் திருத்துங்கள். இரண்டு டன் விசை நடு உயரத்தில், 15 மீட்டரில் தள்ளுகிறது. அடியில் 30 டன்-மீட்டர் புரட்டும். கால்கள் 2 மீட்டர் தள்ளி நின்றால் காற்று வரும் பக்கத்து இரண்டு கால்களுக்கும் சேர்த்து 15 டன் மேல்நோக்கிய இழுப்பு. ஒரு காலுக்கு ஏழரை டன். அடியை 4 மீட்டர் அகட்டினால் ஒரு காலுக்கு 3.75 டன்.

காற்றைப் பற்றி நான் நினைக்கும்போதெல்லாம் சாய்வதை மட்டும்தான் நினைத்தேன். காலை மண்ணிலிருந்து பிடுங்குகிறது என்று நினைத்ததே இல்லை. அடித்தளக் கான்கிரீட் ஏன் அத்தனை பெரிதாக இருக்கிறது என்று இப்போது விளங்குகிறது. அது கோபுரம் மண்ணில் இறங்காமல் இருக்க என்றுதான் இத்தனை வருடமும் நம்பியிருந்தேன்.

---

ஜெலுத்தோங் பொறியாளர் | 10 ஜூலை, 8:00

கணக்கு சரி. கோபுரத்தின் சொந்த எடை அந்த இழுப்பில் கொஞ்சம் கழியும். ஆனால் அடியை அகட்டும்போது கீழ்ப்பகுதியில் இரும்பும் கூடும், நீண்ட குறுக்குச் சட்டமும் வேண்டும். இலவசம் இல்லை.

ஐயாவிடம் ஒரு கேள்வி. "ஓட்டை வழியே காற்று போகும்" என்ற லாபத்தை ஐஃபல் தன் கணக்கில் எவ்வளவு எடுத்துக்கொண்டார்?

---

ஓய்வுபெற்ற ஆசிரியர், தைப்பிங் | 11 ஜூலை, காலை 6:45

அதுதான் எனக்கும் வியப்பு. ஏறக்குறைய எடுத்துக்கொள்ளவே இல்லை.

இரண்டு விதமாகப் போட்டார். ஒன்றில், அடியிலிருந்து உச்சி வரை சதுர மீட்டருக்கு ஒரே சீராக 300 கிலோ. இன்னொன்றில், அடியில் 200, உச்சியில் 400. மேல் பாதியை ஓட்டையே இல்லாத அடைப்பு என்று வைத்துக்கொண்டார். நடுப்பகுதியில் எதிரே தெரியும் இரும்பின் பரப்பை நாலு மடங்காக எண்ணினார். டே பாலம் விழுந்து ஆறு வருடம்கூட ஆகாத நேரம் அது. யாரும் துணிந்து குறைத்து வைக்க மாட்டார்கள்.

ஆக, கோட்டைமுனை, உங்கள் முதல் பதிவின் கோணத்தில் பார்த்தால் அந்தக் கோபுரம் தாளில் பாதிச் சுவர். காப்பாற்றியது வளைவு.

---

கொம்தார் பார்த்தவன் | 11 ஜூலை, 9:10

அப்படியானால் சுவராகவே கட்டியிருக்கலாமே? 300 கிலோவுக்கும் தாங்கும் என்று கணக்குப் போட்ட பிறகு?

---

ஜெலுத்தோங் பொறியாளர் | 11 ஜூலை, 12:25

கல்லால் கட்டியிருந்தால் காற்று வரும் பக்கத்தில் இழுவை வரும். கல்கட்டு இழுவையைத் தாங்காது, அதனால் எடையைக் கூட்டியே அதை அமுக்க வேண்டும். எடை கூடினால் அடிக்கல் நசுங்கும் அபாயம். அன்றைய உலகின் உயரமான கல் கட்டுமானம் 1884இல் முடிந்த வாஷிங்டன் நினைவுத்தூண், 169 மீட்டர். அதை இரட்டிப்பாக்க யாரும் துணியவில்லை. ஐஃபல் கோபுரத்தில் போன இரும்பு 7300 டன். இரும்புக் கால் இழுபட்டாலும் அழுத்தப்பட்டாலும் தாங்கும்.

இரும்புத் தகட்டால் அடைத்திருக்கலாமே என்றால், தாளில் அடைப்பு என்று வைத்துக்கொண்டது பாதுகாப்புக்காக. நிஜத்திலும் அடைத்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

---

ஓய்வுபெற்ற ஆசிரியர், தைப்பிங் | 12 ஜூலை, காலை 6:05

இன்னும் இரண்டு சேதி.

டே பாலத்துக்குப் பிறகு ஃபோர்த் பாலத்தைக் கட்டிய பெஞ்சமின் பேக்கர் கட்டுமானத்துக்கு நடுவே இன்ச்கார்வி தீவில் காற்று அளக்கும் பலகைகள் வைத்தார். ஒன்று 300 சதுர அடி, மற்றது ஒன்றரைச் சதுர அடி. வருடக்கணக்கில் அளந்தார். சின்னப் பலகை காட்டிய உச்ச அழுத்தத்தைப் பெரியது எட்டவே இல்லை. காற்று சீராக வரும் சுவர் இல்லை, குத்துக் குத்தாக வருகிறது, ஒரு குத்து பெரிய பரப்பு முழுவதையும் ஒரே நேரத்தில் நிரப்புவதில்லை. பின்னலுக்கு அவர் செய்த சோதனை இன்னும் எளிது. ஒரு கோலை நடுவில் கயிற்றால் தொங்கவிட்டு, ஒரு முனையில் அட்டையில் வெட்டிய பின்னல் மாதிரி, மறு முனையில் பரப்பை மாற்றத்தக்க தட்டையான அட்டை. ஆட்டிவிட்டால் காற்று எதை அதிகம் தடுக்கிறதோ அந்த முனை பின்தங்கும், கோல் திரும்பும். திரும்பாத வரைக்கும் தட்டை அட்டையைக் கூட்டிக் குறைத்தால் பின்னல் எத்தனை பரப்புக்குச் சமம் என்று தெரிந்துவிடும்.

அப்புறம் ஐஃபல். கோபுரம் முடிந்து பதினான்கு வருடம் கழித்து, 1903இல், எழுபது வயதில், தன் கோபுரத்தின் இரண்டாம் தளத்திலிருந்து தட்டுகளைக் கம்பி வழியாக விழவிட்டுக் காற்றின் தடையை அளந்தார். 115 மீட்டர் வீழ்ச்சி. பிறகு 1909இல் கோபுரத்தின் காலடியிலேயே காற்றுக்குகை. அழுத்தம் வர வேகத்தின் வர்க்கத்தை எந்த எண்ணால் பெருக்க வேண்டும்? மீட்டர், கிலோ, வினாடிக் கணக்கில் அவருக்குக் கிடைத்தது 0.07க்கும் 0.08க்கும் இடையில். ஸ்மீட்டனுடையது அதே கணக்கில் 0.12.

---

கோட்டைமுனை | 12 ஜூலை, மதியம் 12:40

அதை வைத்துத் திருப்பிப் பார்த்தேன். 300 கிலோ அழுத்தம் வர என்ன வேகம் வேண்டும்? பழைய எண்ணில் வினாடிக்கு 50 மீட்டர். ஐஃபல் பின்னால் அளந்த எண்ணில் 63 மீட்டர், மணிக்கு 225 கிலோமீட்டருக்கு மேல். தான் கட்டியது நினைத்ததைவிடப் பலமானது என்பதை அந்த மனிதர் எழுபது வயதுக்குப் பிறகு, அதே கோபுரத்தில் நின்று தெரிந்துகொண்டிருக்கிறார். இதை என் மகளிடம் சொன்னேன்.

---

பேனர் கடை தம்பி | 13 ஜூலை, 10:15

எல்லாரிடமும் ஒன்று கேட்க வேண்டும். ஒரு வாடிக்கையாளர் அவர் இடத்தில் நிற்கும் பழைய கோபுரத்தின் உச்சியில் விளம்பரப் பலகை வைக்கச் சொல்கிறார். 2 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம். கோபுரம் அக்கா சொன்ன அளவுதான் இருக்கும், 30 மீட்டர். "இத்தனை பெரிய கோபுரத்துக்கு இது ஒரு பொட்டு மாதிரி" என்கிறார்.

---

கோட்டைமுனை | 13 ஜூலை, மதியம் 1:30

தம்பி, பொறு. 6 சதுர மீட்டர் × 70 × 1.3, ஏறக்குறைய 550 கிலோ. அது நடு உயரத்தில் இல்லை, 28.5 மீட்டரில். புரட்டும் அளவு பதினைந்தரை டன்-மீட்டர். முழுக் கோபுரத்துக்குமே 30தான் இருந்தது. அந்தப் பொட்டு பாதிக் கோபுரம் அளவுக்குப் புரட்டுகிறது.

---

ஜெலுத்தோங் பொறியாளர் | 13 ஜூலை, 3:05

சின்னத் திருத்தம். பலகை மறைக்கும் இடத்துப் பின்னலின் பங்கு கழியும், 200 கிலோ வாக்கில். முழுக்க மறைத்தால் கூடுவது 10 டன்-மீட்டர், அதாவது மூன்றில் ஒரு பங்கு. ஆனால் பலகை கோபுரத்திலிருந்து தள்ளி நின்றாலோ, காற்று சாய்வாக வந்தாலோ அந்த மறைப்பு நம்பத்தக்கது இல்லை. மூன்றில் ஒன்றுக்கும் பாதிக்கும் இடையில் எங்கோ. எங்கே என்று உட்கார்ந்து சொல்ல முடியாது.

தம்பி, பழைய வரைபடம் இருக்கிறதா என்று கேளுங்கள். அடித்தளத்தின் அளவு அதில் இருக்க வேண்டும்.

---

பேனர் கடை தம்பி | 13 ஜூலை, 6:20

கேட்டேன் அக்கா. வரைபடம் இல்லையாம். வெட்டு போட்ட துணிப் பலகையாக வைக்கலாமா என்று முதலாளி கேட்கிறார். 0.99 என்று சொல்லிவிட்டேன்.

---

கோட்டைமுனை | 14 ஜூலை, காலை 8:00

தம்பி, வரும் ஞாயிறு நானும் வருகிறேன். கீழே நாலு காலடியிலும் கான்கிரீட்டுக்கும் மண்ணுக்கும் நடுவே வெடிப்பு இருக்கிறதா என்று முதலில் பார்ப்போம். சுத்தியல் நான் கொண்டுவருகிறேன். பத்து மீட்டருக்குள் ஒரு போல்ட்டு முனகினாலும் இறங்கிவிடுவேன், பலகைப் பேச்சே வேண்டாம்.